ஒரே கடை, மூன்று பேச்சு

வணக்கம் நேயர்களே. பத்து வருடமாக நடக்கும் ஒரு நிறுவனம் கடையில் ஒன்று, முகநூலில் ஒன்று, பாக்கெட்டில் ஒன்று சொல்லிக்கொண்டிருந்தால் அதை எப்படித் தணிக்கை செய்வது? இதைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். நான் பார்த்த ஒரு மசாலாத் தூள் நிறுவனத்தை வைத்தே சொல்கிறேன். பெயர் வேண்டாம். 2015-இல் செந்தூலில் ஒரு சின்னக் கடையாகத் தொடங்கினார்கள். இப்போது மஸ்ஜித் இந்தியாவிலும் கிள்ளானிலும் கிளைகள் உண்டு. அரைப்பதெல்லாம் ரவாங் பக்கம் ஒரு தொழிற்கூடத்தில்.

முதல் வேலை, வாடிக்கையாளர் கண்ணில் படும் எழுத்து எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேர்ப்பது. கடைப்பலகை, பாக்கெட்டின் முன்பக்கம், பின்பக்கம், பில், பை, தினசரி நாட்காட்டி, வேன், முகநூல் பக்கத்தின் அறிமுக வரி, வாட்ஸ்அப்பில் தானாகப் போகும் பதில், எல்லாமே. கடைக்குப் போய் நாமே படம் எடுக்க வேண்டும். முதலாளியிடம் கேட்டால், “எல்லாம் ஒன்றுதான் சார்” என்பார். அவர் தம் கடைப்பலகையை நிமிர்ந்து பார்த்து வருடக்கணக்காகியிருக்கும்!

சேர்த்ததை எப்படி அடுக்குவது? பலரும் கடை, சமூக ஊடகம், அச்சு என்று பிரித்து வைப்பார்கள். நான் காலவரிசையில் அடுக்குவேன். தேதி போடாத தாளுக்கும் நம் மலேசியாவில் தடயம் கிடைக்கும். விலைப்பட்டியலில் ‘ஜி.எஸ்.டி. உட்பட’ என்று இருந்தால், அது பெரும்பாலும் 2015 ஏப்ரலுக்கும் 2018 நடுப்பகுதிக்கும் இடையில் அச்சானது, அந்த வரி அப்போதுதான் இருந்தது. பன்னிரண்டு இலக்கப் பதிவு எண் இருந்தால் 2019 அக்டோபருக்குப் பிந்தியது, ஏனென்றால் நிறுவனங்களைப் பதிவு செய்யும் எஸ்.எஸ்.எம். அப்போதுதான் அந்த எண்முறையைக் கொண்டுவந்தது.

இப்படி அடுக்கியதும் காரணம் தெரிந்துவிட்டது. பாக்கெட் உறையை ஒரு தடவை ஆர்டர் கொடுத்தால் பெரிய அளவில்தான் அச்சடித்துத் தருவார்கள், அது தீரும்வரை பழைய வாசகம்தான். பலகை பத்து வருடம் தொங்கும். முகநூலில் எழுத ஒரு காசும் செலவில்லை, அதனால் வாரத்துக்கு ஒரு பேச்சு. வேண்டுமென்று யாரும் மாற்றிப் பேசவில்லை. மூன்றும் மூன்று வேகத்தில் ஓடியிருக்கின்றன, அவ்வளவுதான்.

அடுத்து, ஒவ்வொரு வாக்குறுதியையும் எழுத்து மாறாமல் ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் ‘இன்றைக்கு இது உண்மையா?’ என்று கேட்டோம். செந்தூல் பலகையில் ‘தினமும் அரைத்தது’. ஆரம்பத்தில் அது உண்மை, கடைக்குப் பின்னாலேயே அரவை இயந்திரம் இருந்தது. இப்போது ரவாங்கில் வாரத்துக்கு இரண்டு நாள்தான் அரைக்கிறார்கள். அந்தப் பலகைக்குக் கீழேயே மூன்று மாதத்துக்கு முன் அடைத்த பாக்கெட் விற்பனைக்கு இருக்கிறது. தேதியைப் பார்க்கிற அக்கா ஒருவர் போதும். பொய்யான வணிக வருணனை 2011-ஆம் ஆண்டு வணிக வருணனைச் சட்டப்படி குற்றமும்கூட. இன்னொன்று, கல்லாவில் இருக்கும் பிள்ளைகள் ‘கலர் சேர்க்கவில்லை’ என்கிறார்கள். மீன் மசாலா பாக்கெட்டின் பின்பக்கத்தில் அனுமதிக்கப்பட்ட நிறமூட்டி என்று அச்சாகியிருக்கிறது. இதைப் படம் எடுத்துப் பிடிக்க முடியாது. ஒரு மணி நேரம் கல்லா ஓரம் நின்று கேட்டால்தான் தெரியும்.

இன்ஸ்டாகிராமில் முதலாளியின் மருமகப்பிள்ளை ‘பதினைந்து நிமிஷத்தில் கறி’ என்று கலகலப்பாக எழுதுகிறார். பாக்கெட்டில் ‘பாட்டி கைப்பக்குவம்’. முதலாளிக்கு இதுதான் பெரிய உறுத்தல். எனக்கு இல்லை. படிப்பவர் வேறு, அதனால் குரல் வேறு. இரண்டும் உண்மையாக இருக்கும்வரை நான் கைவைக்க மாட்டேன். எல்லா இடத்திலும் ஒரே வாசகத்தை ஒட்டச் சொல்லும் தணிக்கையில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் கிள்ளான் கிளையில் ‘எங்கும் இல்லாத மலிவு’ என்று பதாகை தொங்கியது, மஸ்ஜித் இந்தியாவில் அதே தூள் பரிசுப்பெட்டியில் கூடுதல் விலைக்குப் போகிறது. இது வெறும் குரல் வேறுபாடு இல்லை. மலிவுக் கடையா, தரக் கடையா என்பதைத் தணிக்கை செய்பவர் தீர்மானிக்க முடியாது. முதலாளிதான் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும்.

சரி, எதை முதலில் திருத்துவது? பொய்யானதை. கல்லாப் பிள்ளைகளிடம் அன்றைக்கே சொல்லியாகிவிட்டது. முகநூலும் வாட்ஸ்அப்பும் அந்த வாரத்திலேயே. உறையிலும் ‘தினமும் அரைத்தது’ இருந்ததால், மிச்சமிருந்தவற்றில் அந்த வரியின் மேல் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். பலகைக்குத்தான் நாள் பிடிக்கும். கோலாலம்பூரில் பலகை வாசகத்தை மாற்ற வேண்டுமென்றால் மாநகர மன்றத்தின் லைசன்ஸ் வேண்டும், அதற்கு மலாய் வாசகத்தை அரசின் மொழி அமைப்பான டேவான் பஹாசா சரிபார்த்துத் தர வேண்டும். அது கைக்கு வரும்வரை அந்த ஒரு வரியை மட்டும் மூடி வைக்கச் சொன்னேன். மூடிவிட்டார்கள், விண்ணப்பமும் போயிருக்கிறது.