டாக்ஸ் எக்ஸ்ட்ரா: அந்த 2,52,000 செலவா, செலவு இல்லையா

எல்லாருக்கும் வணக்கங்க. நான் கோயமுத்தூர்ல சின்னச் சின்ன பட்டறைக்காரங்களுக்குக் கணக்கு எழுதிக் குடுக்கிற ஆளு. ஜிஎஸ்டி பத்திப் பேசுங்கன்னு கூப்பிட்டாங்க. அதை முழுசா பேசினா நீங்க ரேடியோவை அணைச்சிருவீங்க, அதனால ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கிறேன். புதுசா ஒரு மெஷின் வாங்கறதுக்கு பட்ஜெட் போடறோம், கொட்டேஷன் வாங்கறோம், கீழ பொடி எழுத்துல 'டாக்ஸ் எக்ஸ்ட்ரா'ன்னு போட்டிருக்கும் பாருங்க, அந்த எக்ஸ்ட்ராவை பட்ஜெட்ல எங்க எழுதறது? அதைச் செலவுன்னு எடுத்துக்கணுமா, இல்ல திரும்பி வர்ற காசுன்னு விட்டுரலாமா?

எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் பம்பு பாகங்கள் செய்யறவர். சொந்தமா இரும்பு வாங்கி, கடைஞ்சு, பெரிய கம்பெனிகளுக்கு பில் போட்டுக் குடுப்பார். ஒரு சிஎன்சி லேத் போடலாம்னு முடிவு பண்ணி என்கிட்ட ஒரு தாளைக் கொண்டாந்தார். லேத்து 14 லட்சம், அதுக்குக் கீழ போடற பவுண்டேஷன் 1 லட்சம், பக்கத்துல ஷெட் 6 லட்சம், ஆக 21 லட்சம்னு வட்டம் போட்டு வச்சிருந்தார். டாக்ஸ் எங்கண்ணான்னு கேட்டேன். "அதான் இன்புட் வந்துருமே தம்பி, அதை எதுக்கு எழுதிக்கிட்டு"ன்னார். அவர் சொன்னது பாதி சரிங்க, மீதிப் பாதியிலதான் கடன் வாங்க வேண்டி வந்துச்சு.

இன்புட்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ரெண்டே வார்த்தையில சொல்லிடறேன். நாம சரக்கு விக்கும்போது வாங்கறவங்ககிட்ட வரி வசூல் பண்றோம்ல, அதை அரசாங்கத்துக்குக் கட்டறப்ப, நாம ஏற்கனவே மத்த பொருள் வாங்கினப்ப குடுத்த வரியைக் கழிச்சுக்கிட்டு மீதியைக் கட்டினா போதும். அந்தக் கழிவுதான் இன்புட் கிரெடிட். அப்ப லேத்து மேல குடுத்த 18 சதவீதம், அதாவது 2,52,000, அவருக்கு நிஜமான செலவு கிடையாது, கொஞ்ச நாள் கைமாத்து குடுத்த மாதிரி. கணக்குப் புத்தகத்துலயும் இதே கதைதான், திரும்பி வராத வரியை மட்டும்தான் சொத்தோட விலையில சேக்கணும்னு கணக்குத் தரநிலையே சொல்லுது.

சரி, மூணு பொருளுக்கும் 18 சதவீதம்னே வச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா பாத்துருவோம். பக்கத்துல பேப்பர் இருந்தா எடுத்துக்கோங்க. லேத்துக்கு வரி 2,52,000, இது இன்புட் வரும். ஷெட்டுக்கு வரி 1,08,000, இது வரவே வராதுங்க. பட்டறைக்காகத்தானே கட்டறேன், வீடு கட்டலையேன்னு நீங்க கேக்கலாம், ஆனா கட்டடம் கட்டற வேலைக்கு இன்புட் கிடையாதுன்னு சட்டத்துல 17ஆவது பிரிவு, 5ஆவது உட்பிரிவுல பூட்டு போட்டு வச்சிருக்காங்க. ஓனர் ஓட்டற கார், ஆளுங்களுக்கு வாங்கிக் குடுக்கிற சாப்பாடுன்னு இன்னும் சில சாமான் அதே பூட்டுக்குள்ளதான் இருக்கு.

நடுவுல அந்தப் பவுண்டேஷன் இருக்கே, அதுதான் சுவாரசியம். அதுவும் சிமெண்டு ஜல்லிதான், ஷெட்டும் சிமெண்டு ஜல்லிதான், போடறவரும் அதே மேஸ்திரிதான். ஆனா மெஷினைத் தரையில நிறுத்தறதுக்குப் போடற பவுண்டேஷன் மெஷினோட ஒரு பகுதின்னு அதே பிரிவுல விளக்கம் இருக்கு, அதனால அந்த 18,000 இன்புட் வரும். எப்ப வரும்னா, பில்லு தனியா இருந்தாதான். காண்ட்ராக்டர் 'ஷெட் மற்றும் சிவில் வேலை 7 லட்சம்'னு ஒரே வரியில எழுதிக் குடுத்துட்டா, எது பவுண்டேஷன் எது செவுருன்னு நாளைக்கு ஆபீசர்கிட்ட காட்ட நம்மகிட்ட ஒண்ணும் இருக்காது. இதை பட்ஜெட் போடற அன்னிக்கே யோசிச்சாதான் உண்டு, பில்லு வந்தப்புறம் யோசிச்சு ஒரு பிரயோஜனமும் இல்ல.

இப்ப அவரோட தாளைத் திருப்பி எழுதினோம். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரே தொகையா எழுதாம, வரி இல்லாத விலை ஒரு பத்தி, மொத்த வரி ஒரு பத்தி, அந்த வரியில திரும்பி வர்றது ஒரு பத்தின்னு பிரிச்சோம். விலை 21,00,000. வரி 3,78,000. ஆகக் கையில இருந்து போற காசு 24,78,000. திரும்பி வர்றது லேத்துக்கும் பவுண்டேஷனுக்கும் சேத்து 2,70,000. அதைக் கழிச்சா உண்மையான செலவு 22,08,000. அவர் போட்ட 21 லட்சம் செலவுன்னு பாத்தாலும் தப்பு, பணம்னு பாத்தாலும் தப்பு. லாபக் கணக்கு, ஒரு பாகத்துக்கு எவ்வளவு விலை வைக்கலாம்ங்கிற கணக்கு எல்லாத்துக்கும் 22,08,000ஐ எடுக்கணும். பேங்க்ல போய் உக்காரும்போது, கைல எவ்வளவு வேணும்னு பாக்கும்போது 24,78,000ஐ எடுக்கணும். ரெண்டு கேள்விக்கு ரெண்டு பதில், இதை ஒண்ணாக் கலக்கறதுலதான் பாதிப் பேரு சிக்கறாங்க.

அந்த 2,70,000 எப்ப திரும்பி வரும்னு கேட்டா, நெறைய பேரு பேங்க் அக்கவுண்ட்ல வந்து விழும்னு நெனைக்கறாங்க. விழாதுங்க. அது ஜிஎஸ்டி போர்ட்டல்ல உங்க கிரெடிட் லெட்ஜர்ல ஒரு நம்பரா உக்காந்திருக்கும், நீங்க கட்ட வேண்டிய வரி வரவர கரையும், அவ்வளவுதான். இவருக்கு மாசம் 3 லட்சம் வியாபாரம், அதுக்கு வரி 54,000. இரும்புக் கம்பி, டூல்ஸ் வாங்கறதுல மாசாமாசம் வர்ற இன்புட் ஒரு 24,000. அப்ப நிகரமா கட்ட வேண்டியது 30,000, அதுலதான் இந்த 2,70,000 கரையணும், கணக்குப் போட்டா 9 மாசம். அந்த 9 மாசமும் கைக்காசோ கடன் காசோ அங்க முடங்கிக் கிடக்கும், வட்டி ஓடிட்டே இருக்கும். வரி செலவு இல்லதான், ஆனா அந்த வட்டி செலவு, அதை பட்ஜெட்ல தனியா ஒரு வரியா எழுதினோம்.

ஏற்றுமதி பண்றவங்க, இல்ல வாங்கற சரக்குக்கு வரி ஜாஸ்தி விக்கற சரக்குக்கு வரி கம்மின்னு இருக்கறவங்க, எங்களுக்குத்தான் ரீபண்ட் உண்டேன்னு சொல்வாங்க. உண்டு, ஆனா மிஞ்சிக் கிடக்கிற இன்புட்டைத் திருப்பிக் குடுக்கிற அந்தக் கணக்குல மெஷின் மாதிரி மூலதனப் பொருள் மேல கட்டின வரியைச் சேக்க மாட்டாங்க. அப்ப உள்ளூர்ல வரி கட்டற வியாபாரமே ரொம்பக் கம்மியா இருக்கிற ஒருத்தர் லேத்து வாங்கினா, சட்டப்படி இன்புட் வரும்னு இருந்தாலும் அந்த நம்பர் லெட்ஜர்ல வருஷக்கணக்கா தூங்கும். அப்படிப்பட்டவங்க பட்ஜெட்ல அதைத் திரும்பி வர்ற பத்தியில எழுதறதுக்கு முன்னாடி எத்தனை மாசத்துல கரையும்னு கணக்குப் போட்டுப் பாக்கணும். சும்மா வரும்னு எழுதி வச்சா அது ஆசை, பட்ஜெட் இல்ல.

வாங்கறவங்க யாருங்கிறதும் இருக்குங்க. அதே லேத்தை, அதே 14 லட்சத்துக்கு, இலவசமா தொழில் சொல்லிக் குடுக்கிற ஒரு டிரஸ்ட் வாங்குதுன்னு வச்சுக்குவோம். அவங்க எதையும் விக்கறதில்ல, வரி வசூலிக்கறதில்ல, கழிக்கிறதுக்கு இடமே இல்ல. அவங்களுக்கு லேத்தோட விலை 16,52,000, முழுசா செலவு. இன்புட் எடுக்காம, விற்பனையில ஒரு சின்ன சதவீதத்தை மட்டும் வரியாக் கட்டற காம்பொசிஷன் திட்டத்துல இருக்கற சின்னக் கடைக்காரருக்கும் இதே கதை, இன்புட் எடுக்காம 5 சதவீதம் போடற ஓட்டல்காரருக்கும் இதே கதை. ஒரு டிரஸ்ட்டுக்காரங்க நன்கொடை குடுக்கறவங்களுக்கு 14 லட்சம்னு பட்ஜெட் அனுப்பிட்டு, அது அப்படியே சாங்ஷன் ஆகி வந்தப்புறம் 2,52,000க்கு வேற ஆளைத் தேடி அலைஞ்சதை நான் பாத்திருக்கேன். இதுக்கு நேர் எதிரா, பதிவு பண்ணி இன்புட்டும் எடுக்கற ஒரு அமைப்பு நன்கொடையிலயும் வரியோட சேத்து வாங்கிருச்சுன்னா ஒரே காசை ரெண்டு தரம் வாங்கின மாதிரி ஆயிரும், ஆடிட்டர் முதல்ல புடிக்கிறதே இதைத்தான். இதுக்கு ஒரு தம்பியும் உண்டு: மெஷின் விலையில வரியையும் சேத்து அதுக்கு வருமான வரியில தேய்மானம் எடுத்துட்டா, அந்த வரிக்கு இன்புட் கிடையாது. ரெண்டுல ஏதாச்சும் ஒண்ணுதான்.

இவ்வளவும் சரியாப் போட்டாலும் பட்ஜெட்ல எழுதின இன்புட் கைக்கு வராமப் போறதுக்கு வழி இருக்கு. நமக்கு வித்தவர் அவரோட ரிட்டர்ன்ல நம்ம பில்லை ஏத்தணும், அப்பதான் மாசம் 14ஆம் தேதி வாக்குல, நமக்கு எந்தெந்த பில்லுக்கு இன்புட் இருக்குன்னு போர்ட்டல் காட்டற 2பி ஸ்டேட்மெண்ட்ல அது தெரியும். தெரியலைன்னா இன்புட் எடுக்க முடியாது. நான் மெஷின் வாங்கின மாசத்துக்கு அடுத்த மாசமே அதைத் தொறந்து பாத்துருவேன், இல்லைன்னா உடனே சேல்ஸ்காரருக்குப் போன். வருஷம் முடிஞ்சு வர்ற நவம்பர் 30க்குள்ள எடுக்கலைன்னா அந்தக் காசு போச்சு, அதுவரைக்கும் திரும்பி வர்ற பத்தியில இருந்த தொகை அப்படியே செலவுப் பத்திக்கு இடம் மாறிரும். தவணையில வாங்கறவங்க இன்னொண்ணும் பாத்துக்கோங்க, பில் தேதியில இருந்து 180 நாளுக்குள்ள வித்தவருக்குப் பணம் குடுக்கலைன்னா எடுத்த இன்புட்டை வட்டியோட திருப்பிக் கட்டணும், குடுத்தப்புறம் மறுபடி எடுத்துக்கலாம்.

நம்ம பம்புக்காரர் கடைசியில என்ன பண்ணார் தெரியுங்களா? 24,78,000க்குப் பணம் ஏற்பாடு பண்ணார், பவுண்டேஷனுக்குத் தனி பில் வாங்கினார், எல்லாம் அழகா. ஆனா லேத்து அட்வான்ஸ் அவரு பையன் கூகுள் பேல போட்டதுனால கம்பெனிக்காரங்க பையன் பேருலயே, ஜிஎஸ்டி நம்பர் இல்லாம பில் போட்டு அனுப்பிட்டாங்க. நல்லவேளை 2பில வரலையேன்னு தேடினப்ப அது கண்ணுல பட்டுச்சு, அவங்களும் கிரெடிட் நோட் போட்டு, பட்டறை பேருல புது பில் குடுத்தாங்க. அதுக்கு மூணு வாரம் ஆச்சு. அதுல இருந்து அவரு கொட்டேஷன் கேக்கற வாட்ஸப் மெசேஜிலயே முதல் வரியா தன்னோட ஜிஎஸ்டி நம்பரைப் போட்டுத்தான் அனுப்பறார். நன்றி, வணக்கங்க.