க்ளிக் குறைந்தால் ஆர்டரும் குறையுமா?

நேயர்களுக்கு வணக்கம்.

ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறை ஒன்று கூகுளில் விளம்பரம் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எண்களெல்லாம் விளக்கத்துக்காக நான் போட்டவை.

முதலில் ‘ஆத்தங்குடி டைல்ஸ்’ என்று தேடுபவர்களுக்கு மட்டும் விளம்பரம் காட்டப்படுகிறது. 1,000 முறை காட்டியதில் 100 க்ளிக். க்ளிக் விகிதம் 10 சதவீதம். அந்த 100 பேரில் ஒருவர்தான் போன் செய்து விலை கேட்கிறார். ஆக, கன்வர்ஷன் 1 சதவீதம்.

பிறகு கீவேர்டை ‘வீட்டுத் தரை டைல்ஸ்’ என்று அகலமாக்குகிறார்கள். 10,000 முறை காட்டினாலும் அதே 100 க்ளிக்தான். க்ளிக் விகிதம் 1 சதவீதமாக விழுகிறது. ஆனால் விலை கேட்பவர்கள் 4 பேர்.

காரணம் தேடுகிறவர்களிடம் இருக்கிறது. ஆத்தங்குடி என்ற பெயரைத் தட்டுபவர்களில் கானாடுகாத்தான் வீடுகளைப் பார்த்துவிட்டுப் போன சுற்றுலாப் பயணி உண்டு, கட்டடக்கலை மாணவர் உண்டு, கண்ணாடித் தகட்டின் மேல் சாயம் ஊற்றிச் செய்வதைப் பார்க்க ஆசைப்படுபவரும் உண்டு. பெயர் பொருந்துவதால் அத்தனை பேரும் தொடுகிறார்கள். தரை டைல்ஸ் தேடுபவர்களோ பெரும்பாலும் வேறு வகை டைல்ஸுக்கு வந்தவர்கள். விளம்பரத்தில் ‘கையால் செய்த சிமெண்ட் டைல்ஸ்’ என்ற வரியைப் படித்ததுமே கடந்துவிடுவார்கள். அதையும் படித்துவிட்டுத் தொடுபவர், வீடு கட்டிக்கொண்டிருப்பவராக இருக்க வாய்ப்பு அதிகம். க்ளிக் விகிதத்தைக் குறைத்த அதே வரிதான் வாங்குகிறவரைச் சலித்தெடுத்தது.

எப்போதும் இப்படியே நடக்காது. விளம்பர வரி ‘அழகான டைல்ஸ், எல்லா வகையும்’ என்று பொத்தாம்பொதுவாக இருந்தால், அகலமாக்கும்போது இரண்டு விகிதமுமே விழும். ‘ஆத்தங்குடி டைல்ஸ் சதுர அடி விலை’ என்று குறுக்கினால் இரண்டும் சேர்ந்தே ஏறக்கூடும். அந்தக் கூடுதல் சொல் பொருளின் பெயரைக் குறுக்குகிறதா, வாங்கும் எண்ணத்தைக் குறுக்குகிறதா என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

செலவைப் பாருங்கள். பெயர்த் தேடலில் க்ளிக்குக்கு 10 ரூபாய் என்றால், ஒரு விசாரணைக்கு 1,000 ரூபாய் ஆகிறது. அகலமான தேடலில் போட்டி அதிகம் என்று க்ளிக்குக்கு 20 ரூபாயே கொடுத்தாலும், ஒரு விசாரணைக்கு 500தான். ஆனால் ஒன்றையும் நாலையும் நம்பி முடிவெடுக்கக் கூடாது. இரு பக்கமும் சில டஜன் விசாரணைகளாவது சேரட்டும்.

இரண்டு கீவேர்டையும் தனித்தனி கேம்பெய்னில் வையுங்கள். ஒன்றாகப் போட்டால் 11,000 முறைக்கு 200 க்ளிக், அதாவது 1.8 சதவீதம் என்று மொத்தக் கணக்கு காட்டும். பெயர்த் தேடல் இன்னும் 10 சதவீதத்தில் நிற்பது கண்ணில் படாமலே, விளம்பரம் கெட்டுவிட்டது என்று நிறுத்திவிடுவார்கள்.

அடுத்து, மக்கள் உண்மையில் என்ன தட்டினார்கள் என்று காட்டும் தேடல் சொற்கள் அறிக்கையை வாராவாரம் திறந்து பாருங்கள். ‘செய்முறை’, ‘வேலை’, ‘படம்’ போன்றவை வந்தால், அந்தச் சொற்களைத் தேடுபவர்களுக்கு விளம்பரம் காட்டாமலிருக்க நெகட்டிவ் கீவேர்டாகச் சேருங்கள். ஒருமையைச் சேர்த்தால் பன்மை தானாக அடைபடாது. ‘படம்’, ‘படங்கள்’ இரண்டையும் போட வேண்டும். பெயர்த் தேடலில் கன்வர்ஷன் அப்படியும் ஏறவில்லையென்றால், சதுர அடி விலையையும் குறைந்தபட்ச ஆர்டரையும் விளம்பர வரியிலேயே எழுதிவிடுங்கள். க்ளிக் குறையும், வேடிக்கை பார்க்க வருபவர்களுக்குக் கொடுக்கும் காசும் அதோடு குறையும்.