மல்கியாவுக்கும் மத்தேயுவுக்கும் நடுவில்

அன்பானவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

என் அம்மா வீடு ஆர்.சி., அதாவது கத்தோலிக்கம்; அப்பா வீடு சி.எஸ்.ஐ., அதாவது புரொட்டஸ்டண்ட். மதுரையில் இது ஒன்றும் அபூர்வமில்லை. சில வருடங்களுக்கு முன் நவம்பர் 2, கல்லறைத் திருநாள். அம்மாவின் கல்லறையைக் கழுவி, மல்லிகைச் சரம் சுற்றி, மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு நின்றுகொண்டிருந்தோம். பெரியப்பாவும் வந்திருந்தார். சாமியார் மக்கபேயர் இரண்டாம் நூலிலிருந்து வாசித்தார். பெரியப்பா தன் கறுப்பு ஜிப் வேதாகமத்தைத் திறந்து தேடினார். பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "ஏம்ப்பா, மல்கியாவுக்கு அடுத்து மத்தேயுதானே? இது எங்கே இருக்கு?"

அவர் வேதாகமத்தில் பழைய ஏற்பாடு மல்கியாவோடு முடியும், புதிய ஏற்பாடு மத்தேயுவோடு தொடங்கும். இன்றைக்கு நான் பேச வந்தது அந்தக் கேள்வியைப் பற்றித்தான்.

கத்தோலிக்கரின் திருவிவிலியத்தில் 73 நூல்கள், பெரியப்பா கையில் இருந்ததில் 66. கூடுதலான ஏழு: தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக்கின் ஞானம், பாரூக்கு, மக்கபேயர் இரண்டு நூல்கள். எஸ்தரிலும் தானியேலிலும் சில பகுதிகள் கூடுதலாக வரும். தமிழ்ப் பதிப்பில் இவற்றை 'இணைத் திருமுறை' என்று தனியாக, பழைய ஏற்பாட்டுக்கும் புதிய ஏற்பாட்டுக்கும் நடுவில் வைத்திருக்கிறார்கள்.

சரி, அன்று வாசித்த பகுதி என்ன? 12ஆம் அதிகாரத்தின் கடைசி வசனங்கள். யூதர்களின் படைத்தலைவர் யூதா மக்கபேயின் வீரர்கள் சிலர் போரில் விழுந்துவிட்டார்கள். ஓய்வுநாள் முடிந்ததும் உடல்களை எடுத்து அடக்கம் செய்யப் போகிறார்கள். சட்டையை விலக்கிப் பார்த்தால், செத்தவர்கள் ஒவ்வொருவரிடமும் யாம்னியா ஊர்ச் சிலைகளின் தாயத்து! யூதச் சட்டம் அடியோடு விலக்கியது அது. எல்லோரும் அந்தப் பாவம் துடைக்கப்பட வேண்டும் என்று மன்றாடுகிறார்கள். யூதா ஆளாளுக்குக் காசு பிரித்து, சுமார் 2000 திராக்மா வெள்ளியை எருசலேமுக்குப் பாவப் பலிக்காக அனுப்புகிறார். இறந்தவர்கள் உயிர்த்தெழுவார்கள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை என்றால், அவர்களுக்காக மன்றாடுவது வீண் வேலையாக இருந்திருக்கும் என்று நூலாசிரியரே சொல்கிறார்.

இறந்தவருக்காக ஜெபிப்பதை இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லும் பகுதி பழைய ஏற்பாட்டில் வேறு கிடையாது. 1519இல் லைப்சிக் நகரில், புரொட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தரோடு வாதிட்ட எக் என்ற கத்தோலிக்க இறையியலாளர், இறந்தவர்கள் தூய்மையாக்கப்படும் உத்தரிக்கும் தலத்துக்கு ஆதாரமாக இதைத்தான் எடுத்தார். அந்த நூல் திருமுறையில், அதாவது வேதமாக ஏற்ற நூல்களின் பட்டியலில், சேராது, அதை வைத்து ஒரு போதனையை நிறுவ முடியாது என்று லூத்தர் பதில் சொன்னார்.

வாதத்தில் தோற்காமல் இருக்க லூத்தர் நூலையே கிழித்துப் போட்டார் என்று கத்தோலிக்கரான நம்மில் சிலர் சொல்வதுண்டு. அது சரியில்லை. அவருக்கு ஆயிரத்துச் சொச்சம் வருடம் முன்பே, வேதத்தை லத்தீனில் பெயர்த்த எரோணிமுஸ் இதே சந்தேகத்தை எழுப்பிவிட்டார். இயேசுவின் காலத்துக்கு முன்பே கிரேக்கம் பேசிய யூதர்கள் தங்கள் வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்திருந்தார்கள். முதல் கிறிஸ்தவர்கள் பெரும்பாலும் அதையே வாசித்தார்கள். அந்தத் தொகுப்பில் இந்த நூல்கள் வந்தன. யூதர்கள் கடைசியில் உறுதிசெய்த எபிரேயத் தொகுப்பில் இவை வரவில்லை. எரோணிமுஸ் எபிரேயப் பக்கம் நின்றார், ஆயர் அகுஸ்தீனோ திருச்சபை வாசித்துவந்த தொகுப்பின் பக்கம் நின்றார். 397இல் கார்த்தேஜில் கூடிய ஆயர்கள் அகுஸ்தீன் பக்கமே முடிவெடுத்தார்கள். ஆகவே 1546இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கம் இவற்றைப் புதிதாகச் சேர்த்தது என்று மறுபக்கத்தார் சொல்வதும் தவறு. பழைய பட்டியலைத்தான் அது ஆணையாக்கியது.

லூத்தரும் நூல்களை எறிந்துவிடவில்லை. 1534இல் வந்த அவருடைய ஜெர்மன் வேதாகமத்தில் இவை இரு ஏற்பாடுகளுக்கும் நடுவில் இருக்கின்றன. வேதத்துக்குச் சமமல்ல, ஆனால் வாசிக்கப் பயனுள்ளவை, நல்லவை என்று தலைப்பிலேயே குறித்தார். தரங்கம்பாடியில் லூத்தரன் மிஷனரிகள் தமிழில் அச்சிட்ட வேதாகமத்திலும் இந்த நூல்கள் 1728இல் வந்தன. இதைப் பெரியப்பாவிடம் சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

அப்புறம் எப்படிக் காணாமல் போயின? 1826இல் பிரிட்டிஷ் வேதாகமச் சங்கம், இந்த நூல்கள் சேர்ந்த பதிப்புகளுக்குப் பணம் தருவதில்லை என்று தீர்மானித்தது. மலிவு விலை வேதாகமங்கள் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் உலகமெங்கும் போயின. நடுவில் இருந்த பக்கங்கள் புரொட்டஸ்டண்ட் வீடுகளில் பழக்கத்திலிருந்தே போய்விட்டன.

பெரியப்பா அன்று ராத்திரி என் புத்தகத்தை வாங்கி மக்கபேயர் இரண்டாம் நூலை முழுக்க வாசித்தார். காலையில் கடைசி வரிகளைக் காட்டினார். நன்றாக எழுதியிருந்தால் மகிழ்ச்சி, குறையிருந்தால் என்னால் முடிந்தது இவ்வளவுதான் என்று ஆசிரியர் முடிக்கும் இடம். "கர்த்தருடைய வார்த்தை இப்படியா பேசும்?" என்றார். புரொட்டஸ்டண்ட் தரப்பின் நியாயமான கேள்விகளில் ஒன்று அது. நான் லூக்காவின் முதல் நான்கு வசனங்களை எடுத்துக் கொடுத்தேன். தானே விசாரித்து ஒழுங்காக எழுதியதாக அவரும் சொல்கிறார். பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு அதை மறுபடியும் வாசித்தார். அடுத்த நவம்பரில் அவரும் வந்தார். ஜெபம் சொல்லவில்லை, ஆனால் ஒரு மெழுகுவர்த்தியை அவரே ஏற்றினார்.