640 லைக், 150 சேவ்: எந்தப் போஸ்ட் ஆட்களுக்குப் பயன்பட்டது?

(திரையில்: இரண்டு இன்ஸ்டாகிராம் போஸ்ட்கள், பக்கத்தில் பக்கத்தில்)

வணக்கம். திருகோணமலையைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்காக ஒரு பக்கம் நடத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் இரண்டு போஸ்ட். ஒன்று, கோணேஸ்வரம் கோயிலடியில் சூரியன் உதிக்கும் படம். மற்றது, நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்குப் போவது எப்படி என்ற விவரம்: கடல் எந்த மாதங்களில் அமைதியாக இருக்கும், டிக்கெட்டை எங்கே எடுப்பது, படகில் ஏறும் முன் என்ன கேட்க வேண்டும், பவளப்பாறையை ஏன் மிதிக்கக் கூடாது.

இனி நான் சொல்லும் எண்கள் கணக்குக் காட்டுவதற்காக நானே வைத்தவை. உதயப் படம் 8000 பேரைச் சென்றடைந்தது. 640 லைக், 16 சேவ், 24 ஷெயார். புறாத்தீவு போஸ்ட் 2500 பேரைத்தான் எட்டியது. 75 லைக், 150 சேவ், 50 ஷெயார்.

லைக்கை மட்டும் பார்த்தால் புறாத்தீவு படுதோல்வி. ஆனால் இரண்டும் எட்டிய ஆட்களின் தொகை ஒன்றல்லவே. அதனால் ஆயிரம் பேருக்கு எத்தனை என்று பார்ப்போம்.

(திரையில்: ஆயிரம் பேருக்கு. உதயம்: லைக் 80, சேவ் 2, ஷெயார் 3. புறாத்தீவு: லைக் 30, சேவ் 60, ஷெயார் 20)

இப்போது கதை வேறு. புறாத்தீவு போஸ்ட்டைச் சேவ் செய்தவர்கள், அதற்கு லைக் போட்டவர்களைப் போல இரண்டு மடங்கு.

இது ஏன் முக்கியம்? லைக் போட இரண்டு தட்டுப் போதும். படம் பிடித்திருக்கலாம், போட்டவர் நம் சொந்தக்காரராக இருக்கலாம், பார்த்தேன் என்று காட்டுவதற்காகவும் தட்டலாம். சேவ் அப்படியல்ல. யார் சேவ் செய்தார்கள் என்று போஸ்ட் போட்ட உங்களுக்கே தெரியாது, எண்ணிக்கை மட்டும்தான் தெரியும். மரியாதைக்காக யாரும் சேவ் செய்வதில்லை. இது பிறகு எனக்குத் தேவைப்படும் என்று நினைத்தால்தான் செய்வார்கள். ஷெயார் செய்கிறவரோ இன்னொருவரின் முகத்தை மனதில் வைத்துச் செய்கிறார். தவறான தகவலை அனுப்பினால் அவருடைய பேரும்தான் கெடும்.

சேவும் ஷெயாரும் எப்படிச் சேர்ந்து வருகின்றன என்பதையும் பாருங்கள். சேவ் நிறைய, ஷெயார் குறைவு என்றால், அது ஒருவர் தனக்காக எடுத்து வைக்கும் குறிப்பு. ஷெயார் நிறைய, சேவ் இல்லை என்றால், பெரும்பாலும் அன்றைக்கே பயன்படும் செய்தி. 'இன்று கடல் கொந்தளிப்பு, படகு ஓடாது' என்ற போஸ்ட்டை நாளைக்கு எடுத்துப் பார்க்க யாருக்கும் வேலையில்லை. ஆனால் நிலாவெளிக்குப் புறப்பட்டு நிற்கும் தம்பிக்கு உடனே அனுப்புவார்கள். அதன் சேவ் எண்ணைப் பார்த்துப் பயனில்லை என்று முடிவெடுத்தால் அது பெரிய பிழை. இரண்டும் சேர்ந்து உயர்ந்தால், ஒரு கூட்டமாகப் பயணம் திட்டமிடுகிறார்கள். புறாத்தீவு போஸ்ட் இந்த வகை.

இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசெரி 2025 ஜனவரியில் ஒன்றைச் சொன்னார். ஏற்கெனவே நம்மைத் தொடர்பவர்களிடம் போஸ்ட் போய்ச் சேர லைக் சற்றுக் கூடுதலாக உதவும். நம்மைத் தெரியாதவர்களிடம் போய்ச் சேர, ஒருவர் மற்றவருக்கு அனுப்புவது கூடுதலாக உதவும். திருகோணமலைக்கு முதன்முறை வரப்போகிறவர் பெரும்பாலும் உங்களைத் தொடராதவர்தானே.

சரி, ஏமாறக்கூடிய இடங்கள் எவை? 'சேவ் பண்ணிட்டுப் போங்க' என்று போஸ்ட்டிலேயே கேட்டால் எண் ஏறும், பயன் ஏறாது. ஒரு படத்தில் எழுத்தை அடைத்து வைத்தாலும், வாசிக்க முடியாமல் பிறகு பார்ப்போம் என்று சேவ் செய்வார்கள். இதைக் கண்டுபிடிக்கலாம். சேவ் நிறைய இருந்தும், டிக்கெட் எங்கே எடுப்பது என்று போஸ்ட்டில் உள்ளதையே கமெண்ட்டில் கேட்டுக்கொண்டிருந்தால், எழுதிய விதத்தில்தான் கோளாறு. ஷெயாரிலும் கவனம் வேண்டும். கோபத்தில் அனுப்புவதும் அதே எண்ணில்தான் சேரும். அதனால் ஷெயார் திடீரென ஏறினால் முதலில் கமெண்ட்டை வாசியுங்கள்.

சின்னப் பக்கம் என்றால் ஒரு போஸ்ட்டை வைத்து எதையும் முடிவெடுக்க வேண்டாம். 100 பேரை எட்டிய போஸ்ட்டில் 6 சேவ் என்பது உங்கள் வீட்டு ஆட்களாகவே இருக்கலாம். ஒரே வகையான பல போஸ்ட்களைச் சேர்த்துப் பாருங்கள். அப்புறம், நம் ஆட்களில் பலர் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப் குடும்பக் குழுவில் போடுவார்கள். அது இன்ஸ்டாகிராமின் ஷெயார் கணக்கில் வராது. ஆகவே அங்கே காட்டும் எண்ணைக் குறைந்தபட்சமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

(திரையில்: புறாத்தீவு போஸ்ட்டின் சேவ் எண்ணிக்கை, வாரம் வாரமாக)

லைக் பெரும்பாலும் முதல் ஓரிரு நாளில் வந்து ஓய்ந்துவிடும். பயனுள்ள போஸ்ட்டில் சேவ் வாரக்கணக்கில் சொட்டுச் சொட்டாக வரும். நிலாவெளிப் பக்கம் மே முதல் செப்டம்பர் வரைதான் சீசன். ஏப்ரலில் பழைய புறாத்தீவு போஸ்ட்டில் சேவ் மறுபடி ஏறத் தொடங்கினால், ஆட்கள் பயணத்துக்குத் தயாராகிறார்கள். அந்த வாரமே கட்டணத்தையும் படகு விவரத்தையும் மறுபடி விசாரித்துத் திருத்திப் போடுங்கள். பழைய கட்டணம் சேவ் செய்யப்பட்டால், அதை நம்பித்தான் அவர்கள் கரையில் வந்து நிற்பார்கள்.