நோயாளி இருக்கும் வீட்டில் பிரித் ஓதும்போது குடும்பத்தார் செய்வது

வணக்கம் நேயர்களே. இலங்கையில் சிங்கள பௌத்த வீடுகளில் நோய்க்காக நடத்தப்படும் பிரித் ஓதுதலைப் பற்றி இன்று பேசுகிறேன். காப்பு வேண்டிப் பிக்குமார் புத்தரின் சூத்திரங்களை ஓதுவதே பிரித். விடியும்வரை நீளும் பெரிய பிரித்தை விட்டுவிட்டு, மாலையில் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் முடியும் சிறிய ஓதுதலை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

வீட்டுக்காரர் பன்சலை எனப்படும் பௌத்த விகாரைக்குச் சென்று, வெற்றிலை கொடுத்து வணங்கி, பிக்குமாரை அழைக்கிறார். அவர்கள் வந்ததும் கால்களைக் கழுவித் துடைத்து, வெள்ளைத் துணி விரித்த இருக்கைகளில் அமரச் செய்கிறார்கள். வெள்ளை உடுத்திய குடும்பத்தார் கீழே பாயில் அமர்ந்து, முதலில் பஞ்ச சீலத்தை ஏற்கிறார்கள்.

ஒரு வெள்ளை நூல் தண்ணீர்க் குடத்தின் கழுத்தில் சுற்றப்பட்டு, பிக்குமாரின் கைகள் வழியாகக் குடும்பத்தாரிடம் வந்து, படுக்கையில் இருப்பவரின் விரல்களில் முடிகிறது. எழுந்து உட்கார முடியாதவர் படுத்தபடியே கேட்கலாம். நூல் நழுவிவிடாமல் அருகில் ஒருவர் அவருடைய கையைத் தாங்கிக்கொள்வார். மற்றவர்கள் கூப்பிய கைகளுக்குள் நூலைப் பிடித்திருப்பதால் கைபேசியைத் தொடுவதற்கு வழியே இல்லை. அதுவும் நல்லதுதான்!

வழக்கமாக ஓதப்படும் மங்கல, ரதன, கரணீயமெத்த சூத்திரங்களோடு, நோயாளிக்காகப் போஜ்ஜங்க சூத்திரங்களும் ஓதப்படுகின்றன. நோயுற்றிருந்த தம் சீடர்கள் மகாகஸ்ஸபருக்கும் மகாமொக்கல்லானருக்கும் நினைவுடைமை, முயற்சி, அமைதி, சமநிலை முதலிய ஏழு விழிப்பு அங்கங்களைப் புத்தர் எடுத்துரைத்தார் என்றும், அவர்கள் அதைக் கேட்டு மகிழ்ந்து நலமடைந்தார்கள் என்றும் அவை கூறுகின்றன. மூன்றாவது சூத்திரத்தில் புத்தரே நோயாளி. அவர் தம் சீடர் மகாசுந்தரை ஓதச் சொல்லிக் கேட்கிறார். ஏழு அங்கங்களையும் நன்கு அறிந்தவரே பிறர் வாயால் அவற்றைக் கேட்டு எழுந்தார் என்பதனால், கேட்பதும் ஒரு செயலாகவே இங்கே கருதப்படுகிறது என்று நான் நினைக்கிறேன்.

ஓதுதல் பாளி மொழியில் நடக்கிறது. வீட்டில் பலருக்கு அது வரிக்கு வரி விளங்காது. அதனால், ஓதத் தொடங்குவதற்கு முன் பிக்கு ஒருவர் சூத்திரத்தின் கருத்தைச் சிங்களத்தில் சுருக்கமாகச் சொன்னால் கேட்பவர்களின் மனம் அலையாமல் நிற்கிறது. ஒவ்வொரு பகுதியும் முடியும்போது எல்லோரும் "சாது, சாது, சாது" என்கிறார்கள். மனம் வேறெங்கோ போயிருந்தவர் அந்த இடத்தில் சற்றுப் பிந்தித்தான் சேர்ந்துகொள்வார்.

பிரித் எல்லோரையும் காப்பாற்றிவிடும் என்று பௌத்த நூல்களே சொல்வதில்லை. முன்வினை, மனமாசு, நம்பிக்கையின்மை ஆகிய மூன்றும் அதைத் தடுக்கும் என்று மிலிந்த பஞ்ஹ என்ற பாளி நூல் கூறுகிறது. ஆகவே மருத்துவர் கொடுத்த மாத்திரையின் நேரம் பிரித்துக்காகத் தள்ளிப்போவதில்லை.

முடிவில் நூலைத் துண்டுகளாக்கி ஒவ்வொருவரின் மணிக்கட்டிலும் கட்டுகிறார்கள். குடத்து நீரைத் தெளித்து, எல்லோருக்கும் சிறிது பருகக் கொடுத்து, மீதியை நோயாளிக்காக எடுத்து வைக்கிறார்கள். பிறகு அன்றைய புண்ணியத்தை இறந்த உறவினர்களுக்கும் தேவர்களுக்கும் பகிர்ந்தளித்து, பிக்குமாரை வாசல்வரை சென்று வழியனுப்புகிறார்கள்.