தட்டு திரும்பி வந்தபோது

நேயர்களுக்கு வணக்கம்.

வெளிநாட்டிலிருந்து வந்திருந்த தோழி ஒருவரைச் சிவன் கோயிலுக்கு அழைத்துப் போயிருந்தேன். கொடிமரத்துக்கு அப்பால் இந்துக்களுக்கு மட்டுமே அனுமதி என்று பலகை இருந்ததால் அவர் அங்கேயே நின்றார். அர்ச்சனைத் தட்டைக் காட்டி, "திஸ் இஸ் அவர் ஆஃபரிங்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு, பூ, கற்பூரம் இருந்த தட்டு அது.

திரும்பி வந்தேன். தட்டில் உடைத்த தேங்காய், பழம், கொஞ்சம் பூ, விபூதி. அவர் முகம் வாடிவிட்டது. "கடவுள் வாங்கிக்கொள்ளவில்லையா?" என்று கேட்டார்.

தவறு என்னுடையதுதான். உள்ளே போகும்போது அது நைவேத்தியம். வெளியே வரும்போது பிரசாதம். பொருள் ஒன்று, பெயர் வேறு. பிரசாதம் என்ற சொல்லுக்கே அருள் என்றுதான் பொருள். ஆங்கிலத்தில் இரண்டையும் 'ஆஃபரிங்' என்றால், கொடுத்ததைத் திருப்பித் தந்த மாதிரி ஆகிவிடுகிறது. அதனால் இப்போது இப்படிச் சொல்கிறேன்: "வீ கிவ் இட் டு காட், அண்ட் இட் கம்ஸ் பேக் டு அஸ் ஆஸ் கிரேஸ்."

சரி, உள்ளே என்ன நடந்தது என்று கேட்டார். 'பிரேயர்' என்று சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் பிரேயர் என்றால் நானே வேண்டிக்கொண்டேன் என்றுதான் நினைப்பார். அர்ச்சனையில் அர்ச்சகர் என் பெயர், நட்சத்திரம், கோத்திரம் கேட்டுக்கொண்டு, எனக்காக இறைவனின் நாமங்களைச் சொல்லிப் பூவிடுகிறார். "தி பிரீஸ்ட் ரிசைட்ஸ் தி நேம்ஸ் ஆஃப் காட் ஆன் மை பிஹாஃப்" என்றால் புரிந்துவிடுகிறது.

நட்சத்திரத்தை 'ஸ்டார் சைன்' என்று மட்டும் சொல்லாதீர்கள். அவர்கள் சூரியனை வைத்துச் சொல்லும் 12 ராசியை நினைத்துக்கொள்வார்கள். நம்முடையது பிறந்த நேரத்தில் சந்திரன் நின்ற இடம், மொத்தம் 27. தனக்கு அது தெரியாதே என்று அவர் தயங்கினார். தெரியாதவர்கள் சுவாமி பெயருக்கே அர்ச்சனை செய்யச் சொல்வது வழக்கம்தான் என்றேன்.

அப்புறம் இன்னொன்று. பிரசாதத்தைப் பலர் 'பிளெஸ்ட் ஃபுட்' என்கிறார்கள். நானும் பேச்சோடு பேச்சாக அப்படிச் சொல்லிவிட்டேன். தேங்காய்க்கும் பழத்துக்கும் அது சரி. ஆனால் விபூதியும் குங்குமமும் பூவும் பிரசாதம்தானே! அவர் விபூதியைக் கிள்ளி வாய்க்குக் கொண்டுபோனார். நெற்றியைத் தொட்டுக் காட்டி, "சேக்ரட் ஆஷ்" என்றேன். கை அப்படியே நின்றது. எந்தச் சாம்பல், இறந்தவர்களுடையதா என்று மெல்லக் கேட்டார். பசுஞ்சாணத்தை உருட்டிக் காயவைத்து எரித்து எடுப்பது என்று விளக்கினேன். பிறகுதான் மோதிர விரலால் தொட்டு நெற்றியில் இட்டுக்கொண்டு, மிச்சத்தை எதில் மடித்து வைப்பது என்று கேட்டார்.