நிறம் மாற்றிய கூந்தலைக் காட்டிக்கொடுப்பது அரைப் பிக்சல்தான்!

[திரையில்: ஒரே படம் இரண்டு முறை. இடப்பக்கம் கருங்கூந்தல், வலப்பக்கம் செம்பு நிறக் கூந்தல்.]

வலப்பக்கப் படத்தைப் பாருங்கள். நிறம் நன்றாகத்தான் மாறியிருக்கிறது. ஆனாலும் கண் ஒரு நொடியில் சொல்லிவிடுகிறது, இது கணினியில் பூசிய சாயம் என்று. எங்கே மாட்டிக்கொண்டோம்?

[திரையில்: உச்சந்தலை ஓரம் 300% அளவுக்குப் பெரிதாகிறது.]

இதோ, இங்கே. தலையெல்லாம் செம்பு; ஓரத்தில் பறக்கும் பத்துப் பதினைந்து பிசிறு முடிகள் மட்டும் பழைய கறுப்பு. தலையைச் சுற்றிக் கறுப்பு நூலில் தையல் போட்டதுபோல இருக்கிறது. சரி, நிறம் மாற்றத் தேர்ந்தெடுத்த பகுதியைக் கொஞ்சம் அகலமாக்குவோம் என்று அகலமாக்கினால், பிசிறுகளோடு சேர்ந்து சுவருக்கும் சாயம் ஏறுகிறது. தலைக்குப் பின்னால் ஓர் ஒளிவட்டம்! படத்தில் இருப்பவர் அவ்வளவு பெரிய மகான் அல்லர்.

இதைத் தீர்க்க ஃபோட்டோஷாப்பில் இரண்டு வழிகள் உண்டு. மாஸ்க் என்பது எங்கே நிறம் ஏற வேண்டும் என்று காட்டும் கறுப்பு வெள்ளைப் படம்; அதைச் சேனலிலிருந்து, அதாவது படத்தின் சிவப்பு, பச்சை, நீலப் பதிவுகளில் ஒன்றிலிருந்து எடுப்பது பழைய வழி. Select and Mask சாளரத்தில் உள்ள Refine Edge தூரிகை புதிய வழி. இந்தச் சாளரம் 2016-ல் வந்தது, அதற்கு முன்பு Refine Edge என்பதே தனிச் சாளரமாக இருந்தது. வரலாறு முடிந்தது. நான் சேனல் கட்சி. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், இந்த வீடியோவில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியே அதுதான்.

[திரையில்: ஒற்றை முடியின் பிக்சல்கள், 1600% அளவில்.]

ஒரு முடியின் தடிமன் எவ்வளவு? ஆளுக்கு ஆள் மாறும்; 0.07 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நம் படத்தின் அகலம் 4000 பிக்சல். அதற்குள் அடங்கியிருப்பது 60 சென்டிமீட்டர் அகலமுள்ள காட்சி. வகுத்துப் பாருங்கள். ஒரு பிக்சலுக்குள் 0.15 மில்லிமீட்டர் வருகிறது. அதாவது ஒரு முடி அரைப் பிக்சலைக்கூட நிரப்பாது!

அப்படியானால் திரையில் நாம் பார்க்கும் அந்தக் கோடு என்ன? முடியும் சுவரும் கலந்த கலவை. நீங்கள் 'முடி' என்று நினைத்துத் தேர்ந்தெடுக்கும் பிக்சலில் பாதிக்கு மேல் சுவர்தான் உட்கார்ந்திருக்கிறது. 'இந்தப் பிக்சல் முடியா, சுவரா?' என்று கேட்டால் அதற்குப் பதிலே கிடையாது. 'எத்தனை பங்கு முடி?' என்றுதான் கேட்க வேண்டும். அந்தப் பங்கைச் சொல்வதுதான் மாஸ்க்கில் உள்ள சாம்பல் நிறம். வெள்ளை என்றால் முழு முடி, கறுப்பு என்றால் முழுச் சுவர், நடுவில் உள்ள ஒவ்வொரு சாம்பலும் ஒரு பின்னம். சாம்பலைப் பார்த்து, 'மாஸ்க் அழுக்காக இருக்கிறதே' என்று துடைத்துப் பளிச்சென்று ஆக்குகிறவர்கள்தான் பிசிறுகளைக் கொல்கிறார்கள். நானும் பல காலம் கொன்றிருக்கிறேன்.

இனி வேலைக்கு வருவோம். நம் படத்தில் அடர்பழுப்பு கலந்த கருங்கூந்தல், பின்னால் இளநீலச் சாயல் கொண்ட வெளிர்சாம்பல் சுவர். Channels பலகத்தில் Red, Green, Blue மூன்றையும் தனித்தனியாகச் சொடுக்கிப் பாருங்கள். எதில் முடி மிகக் கறுப்பாகவும் சுவர் மிக வெளுப்பாகவும் இருக்கிறதோ அதுதான் நமக்கு வேண்டியது. இங்கே நீலச் சேனல். சுவரில் நீலம் அதிகம், பழுப்பில் நீலம் குறைவு, அவ்வளவுதான் காரணம். ஓர் எச்சரிக்கை: நீலத்தில்தான் பொதுவாக இரைச்சல் புள்ளிகள் அதிகம். படம் ஜேபெக் என்றால் நிற விவரம் பெரும்பாலும் குறைந்த துல்லியத்தில் சேமிக்கப்பட்டிருக்கும். மெல்லிய முடிகள் கட்டம் கட்டமாகத் தெரியும். நீலத்துக்கும் பச்சைக்கும் வேறுபாடு சொற்பம் என்றால் யோசிக்காமல் பச்சையை எடுங்கள்.

சேனலை நகல் எடுப்பதற்கு முன்பு இரண்டு எண்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். Info பலகத்தைத் திறந்து, தலைக்குப் பக்கத்தில் உள்ள சுவரின் மேல் சுட்டியை வையுங்கள். B மதிப்பு 210. பிறகு ஓரத்தில் முடி நன்றாக அடர்ந்திருக்கும் இடத்தில் வையுங்கள், பளபளப்பின் மேல் அல்ல. அங்கே 40. இந்த இரண்டு எண்கள் போதும்.

Blue சேனலை இழுத்து, பலகத்தின் அடியில் உள்ள புதிய சேனல் பொத்தான் மேல் போடுங்கள். Blue copy கிடைக்கும். அசல் சேனலில் கை வைத்தால் படத்தின் நிறமே கெட்டுவிடும். நகலில் Ctrl+I அழுத்துங்கள். மேக் கணினியில் Command. கறுப்பும் வெள்ளையும் இடம் மாறுகின்றன. சுவர் 255-210, அதாவது 45 ஆகிறது. முடி 215 ஆகிறது.

[திரையில்: Levels சாளரம்.]

இப்போது Ctrl+L. இடது முனையில் 45, வலது முனையில் 215, நடுவில் உள்ள 1.00 அப்படியே இருக்கட்டும். என்ன நடந்தது தெரியுமா? ஒரு பிசிறுப் பிக்சலை எடுத்துக்கொள்வோம். படத்தில் அதன் நீல மதிப்பு 142. அதில் முடியின் பங்கு எவ்வளவு? சுவரிலிருந்து 68 இறங்கியிருக்கிறது. சுவருக்கும் முடிக்கும் உள்ள மொத்த இடைவெளி 170. 68-ஐ 170-ஆல் வகுத்தால் 0.4. நாற்பது விழுக்காடு முடி. இனி Levels என்ன செய்தது என்று பாருங்கள். தலைகீழாக்கிய பிறகு அந்தப் பிக்சல் 113. 45-ஐக் கழித்தால் 68, அதை 170-ஆல் வகுத்தால் அதே 0.4! மாஸ்க்கில் அது 102 என்ற சாம்பலாக வந்து உட்காருகிறது. கண்ணளவில் முனைகளை இழுத்துக்கொண்டிருந்தோமே, அது வெறும் பளிச்சூட்டல் அல்ல. ஒவ்வொரு பிக்சலிலும் எத்தனை பங்கு முடி என்று கணக்குப் போடும் வேலை. இதை முதன்முதலில் உணர்ந்த அன்று நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன்.

இதனால்தான் முனைகளை மேலும் நெருக்கக் கூடாது. 45-க்குப் பதில் 100, 215-க்குப் பதில் 160 என்று வைத்தால், 113 வெறும் 55 ஆகிவிடும். அதைவிட மெல்லிய முடிகள் முழுக் கறுப்பாகி மறையும், தடித்தவை படிக்கட்டுபோல் வெட்டுப்படும். முடிகள் கம்பிகளாகத் தெரிந்தால் நெருக்கிவிட்டீர்கள் என்று பொருள்.

சுவரில் ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் நிழல் என்றால் ஒரே எண் இரு பக்கத்துக்கும் ஒத்துவராது. பாதிப் பாதியாக, விளிம்பு மென்மையான லாசோவால் தேர்ந்தெடுத்து, தனித்தனியாக Levels போடுங்கள்.

அடுத்து உள்பகுதி. கூந்தலின் நடுவில் பளபளப்பெல்லாம் சாம்பலாக நிற்கும். அங்கே வெள்ளைத் தூரிகையால் அடையுங்கள். கண், புருவம், உடை எல்லாம் வெள்ளையாக வந்திருக்கும், கறுப்பால் மூடுங்கள். சுவரில் லேசான தூசி மிஞ்சினால் Burn கருவியை Shadows-க்கு மாற்றி, Exposure 10% அளவில் ஓரிரு முறை தடவுங்கள். பிசிறுகளின் மேல் வேண்டாம்.

பிறகு Blue copy சிறுபடத்தை Ctrl அழுத்திச் சொடுக்குங்கள், தேர்வு வந்துவிடும். RGB-க்குத் திரும்பி, லேயர் பலகத்தில் ஒரு குழு உருவாக்கி, அதற்கு மாஸ்க் பொத்தானை அழுத்துங்கள். நிறம் மாற்றும் லேயர்கள் அனைத்தும் இந்தக் குழுவுக்குள் போகட்டும். மாஸ்க் ஒன்றே ஒன்று.

குழுவுக்குள் செம்பு நிறத்தில் ஒரு Solid Color, கலப்பு முறை Color. கூந்தலில் ஒன்றுமே தெரியவில்லையா? தெரியாது. Color முறை வெளிச்ச அளவைத் தொடுவதில்லை. கறுப்பில் நிறம் நிற்க இடமே இல்லை. தூய வெள்ளையிலும் அப்படித்தான். அதனால் பின்னணி தூய வெள்ளையாக இருந்தால் இந்த லேயரில் மாஸ்க் கொஞ்சம் வழிந்தாலும் பிடிபடாது! நம் சுவர் சாம்பல். வழிந்தால் இளஞ்சிவப்பாகக் காட்டிக்கொடுக்கும்.

கறுப்பை உயர்த்த, நிற லேயருக்குக் கீழே ஒரு Curves. 40-ஐ 85 அளவுக்கு ஏற்றுங்கள். ஆனால் 150-ல் ஒரு புள்ளி வைத்து அதற்கு மேல் கோட்டை நகராமல் கட்டிவிடுங்கள். பிசிறுப் பிக்சலில் பாதிக்கு மேல் சுவர் என்று பார்த்தோம் அல்லவா? கோடு முழுவதையும் தூக்கினால் அந்தச் சுவர்ப் பங்கும் சேர்ந்து வெளுத்து, ஓரமெல்லாம் வெள்ளை மூட்டம் கட்டும்.

சரிபார்க்க ஒரு குறும்பு வழி: செம்புக்குப் பதிலாகக் கொஞ்ச நேரம் கண்ணைக் குத்தும் பச்சையை வையுங்கள். செம்பில் ஒளிந்திருந்த கசிவும், விட்டுப்போன முடியும் பச்சையில் தப்பாது. பார்த்து முடித்ததும் மறக்காமல் மாற்றிவிடுங்கள்.

சரி, Refine Edge கட்சிக்காரர்கள் கோபிக்க வேண்டாம். பின்னால் மரக்கிளை, புத்தக அடுக்கு என்று கலவையாக இருந்தால் சேனல் கையை விரித்துவிடும். பின்னொளி பட்டு முடி சுவரைவிடப் பளிச்சென்று மின்னினாலும் அப்படியே. நம் கணக்கில் அது 'சுவரைவிடச் சுவர்' ஆகி, மாஸ்க்கில் கறுப்பாகிவிடும். அப்போது Quick Selection கருவியால் கூந்தலைத் தேர்ந்தெடுத்து, Select and Mask திறந்து, Refine Edge தூரிகையை முடியும் பின்னணியும் கலக்கும் விளிம்பில் மட்டும் ஓட்டுங்கள். அடர்ந்த கூந்தலுக்குள் போனால் மாஸ்க்கில் ஓட்டை விழும். Smooth, Feather, Contrast, Shift Edge நான்கும் பூஜ்யம். Decontaminate Colors பெட்டியைத் தொடாதீர்கள். வேறு பின்னணிக்கு ஆளை மாற்றும்போது அது உதவும், இங்கே பின்னணி மாறவே இல்லையே. Output To என்ற இடத்தில் Selection போதும். அந்தத் தேர்விலிருந்து அதே குழு மாஸ்க்.

மிஞ்சுவது தோள். கறுப்பு உடை மேல் விழுந்த கறுப்பு முடியை எந்தச் சேனலும் பிரித்துக் காட்டாது. அங்கே மூன்று பிக்சல் தூரிகையால், Opacity 40% அளவில், மாஸ்க்கில் கையாலேயே வரையுங்கள். முகத்தின் குறுக்கே விழுந்த ஒற்றை முடியா? அதற்கு மாஸ்க் போட்டு அரைமணி நேரம் மல்லாட வேண்டாம். நிறம் மாற்றுவதற்கு முன்பே Healing Brush-ஆல் அழித்துவிடுங்கள். அந்த முடி போனது அதன் சொந்தக்காரருக்கே தெரியாது.